கோவிலம்பாக்கத்துக்கு எடுத்துப்போன பதினாறு கோடி

டெர்ம் ஷீட் மின்னஞ்சலில் வந்த அன்று நான் முதலில் செய்த காரியம், மேடவாக்கத்தில் வண்டியை நிறுத்தி ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கியது. இரண்டாவது காரியம், அதைக் கோவிலம்பாக்கத்தில் என் நண்பன் வீட்டுக்கு எடுத்துப் போனது. படித்தது அதற்குப் பிறகுதான்.

சரியாகச் சொன்னால், அதற்கு முன் முழுக்கப் படிக்கவில்லை. முதல் பக்கத்தைப் படித்திருந்தேன். எங்கள் கம்பெனியில் பணம் போட முன்வந்த ஃபண்ட், என்னென்ன நிபந்தனைகளில் போடும் என்று எழுதிய நான்கு பக்கத் தாள் அது. முதல் பக்கத்தின் நடுவில், பணம் உள்ளே வருவதற்கு முன் கம்பெனியின் மதிப்பு பதினாறு கோடி என்று இருந்தது. அதற்குக் கீழே, போடப்போகும் பணம் நான்கு கோடி. ஆக, பணம் வந்த பின் மதிப்பு இருபது கோடி. நான்கு கோடிக்கு அவர்களுக்கு நூற்றுக்கு இருபது பங்கு. இந்தக் கணக்கு எனக்கு முன்னமே தெரியும். வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. தெரிந்த கணக்கு தாளில் அப்படியே வந்து நின்றதும் மிச்சப் பக்கங்களும் எனக்குத் தெரிந்தவையாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

கோவிலம்பாக்கம் வீட்டுக்கு ஏன் போனேன் என்பதற்குக் காரணம் உண்டு. கம்பெனி தொடங்கியது அந்த வீட்டு மாடியில்தான். கல்லூரியில் ஒன்றாகப் படித்த மூன்று பேர்: நான், அந்த வீட்டுப் பையன், பொழிச்சலூரிலிருந்து வரும் எங்கள் வகுப்புத் தோழி. மறைமலை நகரில் உதிரி பாகம் செய்யும் சின்னச் சின்னத் தொழிற்சாலைகளில் இயந்திரம் திடீரென்று நின்றுபோனால் அன்றைய வேலை முழுக்கப் போச்சு. இயந்திரத்தின் அதிர்வைக் கவனித்து, பேரிங் தேய்கிறது, இன்னும் சில நாளில் மாற்று என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு சின்னப் பெட்டி செய்தோம். முதல் பெட்டியின் சர்க்யூட் முழுக்க நண்பன் போட்டது. மாடி அறைக்கு வாடகை கிடையாது, மின்கட்டணம் கிடையாது. மதியம் ஒரு மணிக்கு அவன் அம்மா கீழேயிருந்து குரல் கொடுப்பார்கள். நான் மீனவக் குப்பத்திலிருந்து வந்தவன்; அந்த வீட்டில் மீன் நுழையாது. ஆனால் ஒரு நாளும் என் தட்டைத் தனியாக வைத்ததில்லை.

கம்பெனியைப் பதிவு செய்யும்போது ஆடிட்டர் அலுவலகத்தில், யாருக்கு எத்தனை பங்கு என்று கேட்டார்கள். நான்தான் பதில் சொன்னேன். "மூணு பேருக்கும் சமமா போட்ருங்க சார்." ஆளுக்குப் பத்தாயிரம் பங்கு, ஒரு பங்கு பத்து ரூபாய். அந்தச் சோற்றைத் தின்றுவிட்டு வேறு எப்படிச் சொல்வது.

பத்து மாதம் கழித்து நண்பனுக்கு ஓஎம்ஆரில் ஒரு ஐடி கம்பெனியில் வேலை கிடைத்தது. தங்கை கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அப்பாவுக்கு ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தது. "ரெண்டு வருஷம் மச்சான், அப்புறம் வந்துர்றேன்" என்றான். நாங்கள் தாம்பரம் மேற்கில் ஒரு சின்ன இடத்துக்கு மாறினோம். அவன் வரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அவன் பங்கு பத்தாயிரமும் அப்படியே அவன் பேரில் இருந்தது. அது ஒரு விஷயம் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு மூன்று வருடம் நானும் தோழியும் சம்பளம் என்று சொல்லக்கூடிய ஒன்றை எடுக்காமல் மறைமலை நகர் பட்டறைகளில் கிரீஸோடு கிடந்தோம்.

அன்று மைசூர்பாகு டப்பாவை அவன் அம்மா கையில் கொடுத்து, "ஆன்ட்டி, நம்ம கம்பெனிக்கு பதினாறு கோடி மதிப்பு போட்ருக்காங்க" என்றேன். 'நம்ம' என்றுதான் சொன்னேன். அவர்கள் டப்பாவைச் சாமி அலமாரிக்கு முன் வைத்துவிட்டு வந்தார்கள். நண்பன் ஆபீஸிலிருந்து வந்ததும் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். அவன் அப்பா மாநில அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே மனக்கணக்குப் போட்டார்.

"பதினாறுல மூணுல ஒண்ணு. அப்போ இவனுக்கு அஞ்சு கோடியே முப்பத்துமூணு லட்சம்."

"இன்னும் முப்பத்துமூணாயிரம் விட்டுட்டீங்கப்பா" என்றான் நண்பன். எல்லோரும் சிரித்தோம்.

"ஆமா அங்கிள், பேப்பர்ல" என்றேன். பேப்பர்ல என்ற சொல் அந்தச் சிரிப்பில் யார் காதிலும் விழவில்லை. எனக்கும் அதை அழுத்திச் சொல்ல மனமில்லை. நாலு வருடம் அந்த வீட்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பரிதாபம் இருக்கும், அன்று இல்லை.

வண்டியை எடுக்கும்போது தோழியிடமிருந்து போன்.

"எங்க இருக்க?"

"கோவிலம்பாக்கம். ஸ்வீட் குடுத்துட்டு வர்றேன்."

அவள் வீட்டு மேல் விமானம் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. அது போகட்டும் என்று காத்திருக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு கேட்டாள்: "மூணாவது பக்கம் படிச்சியா?"

மூன்றாவது பக்கத்தில், பணம் வருவதற்கு முன் முடித்துத் தர வேண்டிய காரியங்கள் என்ற தலைப்பின் கீழ், இரண்டாவதாக இப்படி இருந்தது. கம்பெனியில் இப்போது வேலை செய்யாத நிறுவனரின் பங்கு, எல்லாம் முடிந்த பிறகு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இருக்கக் கூடாது. மிச்சத்தை அவர் வேலை செய்யும் நிறுவனர்களுக்கு மாற்றித் தர வேண்டும்.

மறுநாள் காலை ஃபண்டிலிருந்து எங்களோடு பேசும் பெண்ணை அழைத்தோம். எங்களைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். பொறுமையாகப் பேசுவார், அதுவே எனக்குப் பயமாக இருக்கும்.

"நாங்க வந்தப்புறம் உங்க கேப் டேபிள் எப்படி இருக்கும்னு பாருங்க" என்றார். யாரிடம் எவ்வளவு பங்கு என்ற பட்டியலைத்தான் அப்படிச் சொல்வார்கள். "நாங்க இருபது. ஊழியர்களுக்கு ஒதுக்கி வைக்கிற ஆப்ஷன் பூல் பத்து. மீதி எழுபது. அதை நீங்க மூணு பேரும் பிரிச்சா ஆளுக்கு இருபத்துமூணு சொச்சம். வேலை செய்யுற ஆளுக்கும் இருபத்துமூணு, மூணு வருஷமா வராத ஆளுக்கும் இருபத்துமூணு."

"பூலை எல்லாரும் சேர்ந்துதானே குடுக்கணும்?" என்று தோழி கேட்டாள். "உங்க இருபதுலயும் கொஞ்சம் குறையணும் இல்லையா?"

"இல்லை. பூல் பதினாறு கோடிக்குள்ளேயே இருக்கு. முதல் பக்கத்துல அந்த மதிப்புக்குப் பக்கத்துலயே எழுதியிருக்கோம். அதனால உங்க பழைய பங்குகளோட மதிப்புன்னு பார்த்தா பதினாலு கோடிதான்."

படித்ததாக நான் நினைத்த முதல் பக்கத்தையும் நான் படிக்கவில்லை என்று அப்போது தெரிந்தது.

அவர் தொடர்ந்தார். "அடுத்த சுற்றுல இன்னொருத்தர் வந்து இருபது எடுப்பார். எல்லாருடைய பங்கும் ஐந்துல ஒரு பங்கு குறையும். உங்க இருபத்துமூணு பதினெட்டு ஆகும். அதுக்கு அடுத்த சுற்றுல பதினைஞ்சு. ராத்திரி பகலா கம்பெனி நடத்துறவங்க கையில பதினைஞ்சு, வெளியில இருக்கிறவர் கையிலயும் பதினைஞ்சு. அப்போ புதுசா வர்றவங்க கேட்பாங்க, இவங்க எதுக்கு இன்னும் உழைக்கப் போறாங்கன்னு. இதை டெட் ஈக்விட்டின்னு சொல்வோம்."

செத்த பங்கு. மாடியில் சாலிடர் புகைக்கு நடுவில் உட்கார்ந்து, மூக்கைச் சுளித்துக்கொண்டு முதல் பெட்டியை உயிர்ப்பித்தவனின் பங்கு.

"அஞ்சுங்கறது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன்.

"முதல் நாள்லயே நீங்க வெஸ்டிங் போட்டிருந்தா நாலு வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமாத்தான் பங்கு சொந்தமாகியிருக்கும். பத்து மாசம் இருந்தார்னு சொன்னீங்க. நாற்பத்தெட்டு மாசத்துல பத்து மாசம். இருபத்துமூணுல அந்த விகிதம் போட்டுப் பாருங்க. கிட்டத்தட்ட அஞ்சு வரும். முதல் வருஷம் முடியாம போனா ஒண்ணுமே கிடையாதுங்கறதுதான் வழக்கம். அதை நாங்க கேட்கலை."

போட்டுப் பார்த்தேன். ஐந்துக்குக் கொஞ்சம் கம்மியாக வந்தது. மறுத்துச் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. அதுதான் பேஜாராக இருந்தது. அவர் ஏமாற்றியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம்.

டெர்ம் ஷீட்டில் கையெழுத்துப் போட்டால் இரண்டே விஷயங்கள்தான் உடனே நம்மைக் கட்டும். அதை வெளியில் காட்டக் கூடாது, ஆறு வாரத்துக்கு வேறு யாரிடமும் முதலீடு பேசக் கூடாது. மற்றதெல்லாம் முழு ஒப்பந்தம் எழுதும்வரை உத்தேசம்தான்; அதற்குள் அவர்களும் விலகலாம், நாமும் விலகலாம். கம்பெனிக் கணக்கில் அந்த ஆறு வாரத்துக்குத்தான் தாங்கும் அளவு பணம் இருந்தது. கையெழுத்துப் போட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குப்பத்தில் வீட்டில் இருந்தேன். அப்பா ஃபைபர் படகில் போகிறவர். அம்மா மீன் விற்கிறாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போனதில்லை. கம்பெனி என்ன செய்கிறது என்று அவர்களிடம் நான் சரியாகச் சொன்னதுமில்லை. அன்று எப்படியோ வாயைத் திறந்துவிட்டேன். மூணு பேர் ஆரம்பித்தோம், ஒருத்தன் போய்விட்டான், அவன் பங்கைத் திருப்பிக் கேட்க வேண்டும்.

அப்பா பீடியைத் தேடிக்கொண்டே, "கடலுக்கு வராதவனுக்கு இன்னாத்துக்குடா பங்கு?" என்றார். "டீசல் காசு போக, படகுக்கு ஒண்ணு, போன ஆளுக்கு ஆளுக்கொண்ணு. வூட்ல தூங்கிகினு இருந்தவன் வந்து கேட்டான்னா மொகத்துலயே உடுவாங்க."

"நீ சும்மா கட" என்றாள் அம்மா. "இவன் அந்தப் புள்ள வூட்லதான தின்னுகினு கெடந்தான் ஒரு வருசம்? அது எந்தக் கணக்குல கீது? இஞ்சினுக்குக் காசு போட்டவன் கடலுக்கு வராட்டியும் பங்கு வாங்குறானா இல்லையா?"

"சோறு போட்டா இஞ்சினாயிடுமா?"

"உன் படகுல எவன்யா சோறு போட்டான்?"

அவர்கள் சண்டை அதற்குப் பிறகு வேறு பழைய இஞ்சின் ஒன்றைப் பற்றிப் போனது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கம்பெனி பதிவு செய்த நாளில் இந்தப் படகுப் பங்கு எனக்குத் தெரியாதா என்ன. சின்ன வயதிலிருந்தே தெரியும். படித்தவர்கள் பங்கு வேறு மாதிரி இருக்கும், ஒரு முறை எழுதிவிட்டால் போதும் என்று நினைத்தேன். இப்போது படித்தவர்கள் வந்து அப்பா சொன்னதையேதான் ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். ஆனால் அம்மா கேட்டதற்கு அவர்களிடமும் பதில் இல்லை.

தாம்பரத்தில் எங்கள் ஆடிட்டரிடம் போனேன். பங்கை எப்படி மாற்றுவது என்று கேட்டதற்கு அவர், "சீக்கிரம் மாத்து" என்றார். "இப்ப உன் கம்பெனி புத்தகத்துல சொத்துன்னு ஒண்ணும் கிடையாது, நஷ்டம்தான் இருக்கு. அதனால புத்தகக் கணக்குப்படி ஒரு பங்குக்கு மதிப்பே இல்லை. பத்து ரூபாய்க்கு மாத்தினாலும் எவனும் கேள்வி கேட்கமாட்டான். நாலு கோடி உள்ள வந்தப்புறம் மாத்தினா, அதுக்குள்ள புத்தக மதிப்பு ஏறியிருக்கும். அப்ப பத்து ரூபாய்க்கு வாங்கினா, வித்தியாசம் உனக்கு வருமானம்னு வரி போடுவான். கையில ஒத்தப் பைசா வந்திருக்காது."

"சார், இப்ப அவன் குடுத்துட்டு, அப்புறமா என் பங்குலருந்து நான் அவனுக்குத் திருப்பிக் குடுத்தா?"

அவர் என்னைப் பார்த்தார். "அவன் கேட்டானா, நீயா யோசிச்சியா?"

"நானா."

"அந்த மாதிரி பேச்சு இருக்குன்னா ஃபண்டுக்கு இப்பவே சொல்லியாகணும். முழு ஒப்பந்தத்துல நீ எழுதிக் குடுக்கப் போறே, என் பங்கு மேல வேற யாருக்கும் எந்த வாக்கும் கிடையாது, வாய்வார்த்தையா கூட கிடையாதுன்னு. மறைச்சா பொய். நாளைக்கு அவன் வந்து கேட்டாலும் தப்பு, கேட்காட்டியும் தப்பு."

ஃபண்ட் பெண்ணிடம் அதையும் கேட்டுவிட்டேன். பின்வாசல் வழியாக அதே இடத்துக்கு வருவதுதான் அது என்றார். ஃபண்டின் சம்மதம் இல்லாமல் எங்கள் பங்கை நாங்கள் யாருக்கும் கொடுக்கவும் முடியாது என்றும் சொன்னார். அந்த வாசலும் மூடிய பிறகுதான் நண்பனை அழைத்தேன்.

பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு டீக்கடையில் சந்தித்தோம். வீட்டில் வைத்துப் பேச எனக்குத் தைரியம் இல்லை. நான் சொல்லச் சொல்ல அவன் முகத்தில் முதலில் சிரிப்பு இருந்தது. ஏதோ கிண்டல் செய்கிறேன் என்று நினைத்திருக்கிறான்.

"இருபத்துமூணு அஞ்சாகணும்."

"ஆமா."

"மீதி உங்க ரெண்டு பேருக்கும்."

"ஆமா மச்சான். ஆளுக்கு முப்பத்திரண்டரை ஆகும்."

"பத்து ரூபா ரேட்ல."

நான் தலையசைத்தேன்.

"எங்கப்பா ஊரெல்லாம் சொல்லிட்டாருடா" என்றான். "சித்தப்பா வீட்ல, காலனி அசோசியேஷன்ல, தங்கச்சி மாமியார் வீட்ல. பையன் ஐடியில இருக்கான், அது தவிர அஞ்சு கோடி இருக்குன்னு. நான் போய் இப்ப அந்த அஞ்சு கோடிய எழுபத்தெட்டாயிரம் ரூபாய்க்கு வித்துட்டேன்னு சொல்லணும்."

"அது அஞ்சு கோடி இல்லடா. அந்த ரேட்டு புதுசா வர்ற பங்குக்கு, அதுவும் நாங்க அங்க உட்கார்ந்து ஓட்டுவோம்னு நம்பிப் போட்டது. இன்னைக்கு உன் பங்கை எடுத்துட்டுப் போய் எவன்கிட்ட நீட்டினாலும் வாங்க ஆள் இல்ல. நாளைக்கே கம்பெனி அஞ்சு கோடிக்குத்தான் வித்துச்சுன்னு வை. முதல்ல ஃபண்ட் தன் நாலு கோடியை எடுத்துக்கும். மீதி ஒரு கோடியிலதான் நாம எல்லாரும்."

"இதை ஸ்வீட்டோட வந்த அன்னைக்கு சொல்லியிருக்கலாமே."

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவன் டம்ளரைத் தள்ளி வைத்தான்.

"சரி. ஒண்ணு மட்டும் சொல்லு. எழுத்தெல்லாம் வேணாம். பின்னாடி நல்லா வந்துச்சுன்னா பார்த்துக்கலாம் மச்சான்னு வாயால மட்டும் சொல்லு. நான் எங்கப்பாகிட்ட அதைச் சொல்லி சமாளிச்சுக்கறேன். நாளைக்கு நான் உன்கிட்ட வந்து கேட்கவா போறேன்?"

கேட்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனையோ பேருக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பார்த்துக்கலாம் என்பது நம் ஊரில் ஒரு வாக்கே இல்லை, விடைபெறும்போது சொல்வது. ஆனால் அவன் அப்பா அதைக் கணக்கில் எழுதிக்கொள்வார். நானும் இன்னொரு தாளில், அப்படி எதுவும் சொல்லவில்லை என்று கையெழுத்துப் போடுவேன்.

"சொல்ல முடியாதுடா" என்றேன்.

"வாயால கூட?"

"வாயால கூட."

அவன் டீக்குக் காசு கொடுத்தான். என் டீக்கும் சேர்த்துத்தான். அதை நான் தடுத்திருக்க வேண்டும் என்று பிறகு தோன்றியது.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவன் போன் எடுக்கவில்லை. தோழிக்குக் கோபம். "நாம மூணு வருஷம் சம்பளம் இல்லாம கிடந்தோம், அவன் மாசாமாசம் வாங்கினான். நீ என்னவோ அவன் சொத்தைப் புடுங்கற மாதிரி முழிக்கிற" என்றாள். அவள் சொன்னது நியாயம். அவளும் அந்தச் சோற்றைத் தின்றவள்தான் என்று சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டேன். அவள் ஒரு நாளும் தட்டைக் கழுவாமல் வைத்ததில்லை, நான் வைத்திருக்கிறேன்.

நடுவில் ஒரு முறை அவன் அப்பா அழைத்தார். திட்டவில்லை. "தம்பி, நாங்க உன்னை வேத்தாளா பார்க்கல" என்று மட்டும் சொன்னார். பிறகு அவரே, "சரி, வைக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

ஆறு வாரத்தில் நான்கு வாரம் போய்விட்டது. மறைமலை நகரில் எங்கள் பெட்டியை வாங்க ஒத்துக்கொண்ட ஒரு தொழிற்சாலை முன்பணம் தராது. பொருளைக் கொடுத்தால்தான் காசு. பொருள் செய்யக் காசு இல்லை. இந்தச் சுற்று நின்றுபோனால் கம்பெனியை மூடுவதைத் தவிர வழியில்லை என்று தோழியும் நானும் முதல் முறையாக வாய்விட்டுப் பேசிக்கொண்டோம். மூடினால் மூன்று பேருக்கும் சமமாகப் பூஜ்யம்.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. அவனுக்குச் சொல்ல வாக்கு எதுவும் இல்லை. காட்டத் தாள் இருக்கிறது. நான் அவனுக்கு எல்லாவற்றையும் வாயால்தான் சொல்லியிருக்கிறேன்: நல்லதையும் வாயால், கெட்டதையும் வாயால். ஃபண்ட் பெண்ணை அழைத்து, அவன் பங்குதாரர், அவனுக்கு டெர்ம் ஷீட்டை முழுக்கக் காட்டலாமா என்று கேட்டேன். "அவர் வெளியில பகிரமாட்டேன்னு எழுதிக் குடுத்தா காட்டலாம். முதல்லயே கேட்டிருக்கலாமே" என்றார். எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவனுக்கு ஒரு வரி அனுப்பினேன். முழுசா படிச்சுப் பாரு, அதுக்கப்புறம் நீ என்ன சொன்னாலும் சரி. ஒரு சனிக்கிழமை காலை ஆடிட்டர் அலுவலகத்துக்கு வந்தான். தனியாகத்தான் வந்தான். தோழியும் இருந்தாள், இரண்டு பேரும் தலையசைத்துக்கொண்டார்கள். அவன் தாளை வாங்கி முதல் வரியிலிருந்து படித்தான். சர்க்யூட் படம் பார்ப்பது போல விரலை வைத்துக்கொண்டு படித்தான். நான் அப்படி ஒரு தடவைகூட அதைப் படித்ததில்லை. பூல் மதிப்புக்குள்ளேயே இருக்கும் இடத்தில் நின்று, "அப்ப பதினாலுதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். கம்பெனி விற்கப்பட்டால் யார் முதலில் பணம் எடுப்பது என்ற பகுதியை இரண்டு முறை படித்தான். ஆடிட்டரிடம் ஒரு சந்தேகம் கேட்டான்: ஃபண்ட் நாலு கோடியையும் எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் மிச்சத்திலும் இருபது பங்கு கேட்குமா?

"இதுல இல்லை" என்றார் ஆடிட்டர். "நாலு கோடி, இல்லைன்னா இருபது சதவீதம். எது பெருசோ அது ஒண்ணுதான். ரெண்டையும் கேட்கிற ஷீட்டும் உண்டு. இது பரவாயில்லை."

நான்காவது பக்கத்துக்கு வந்தபோது அவன் விரல் நின்றது.

"இது என்ன? நிறுவனர்கள் பங்கு முழுசும் மறுபடியும் நாலு வருஷ வெஸ்டிங்?"

"ஆமா" என்றாள் தோழி. "முதல் நாள்லருந்து. ஒரு வருஷத்துக்குள்ள நாங்க விட்டுட்டுப் போனா எங்களுக்கு ஒண்ணும் கிடையாது. அதுக்கப்புறம் மாசாமாசம்."

"பழைய மூணு வருஷம்?"

"கணக்குல எடுத்துக்கலை. கேட்டுப் பார்த்தேன்."

"என்னோட அஞ்சுக்கு?"

ஆடிட்டர் சொன்னார்: "உனக்கு எந்த வெஸ்டிங்கும் கிடையாது. அது முழுசா உன்னுது."

அவன் நாற்காலியில் சாய்ந்தான். முதல் முறையாகச் சிரித்தான். அந்த டீக்கடைக்கு முந்தைய சிரிப்பு இல்லை.

"அப்ப இந்தக் கம்பெனியில என்னுது மட்டும்தான்டா என்னுது. உன் முப்பத்திரண்டரை இன்னும் உன்னுது இல்ல."

"இல்ல" என்றேன்.

"தெரிஞ்சுதான் கையெழுத்து போட்டியா?"

"மூணாவது பக்கத்தைப் பத்தியே யோசிச்சிட்டு இருந்தேன். இதைச் சரியா யோசிக்கல."

"நீ மாறவே மாட்டடா" என்றான். பங்கு மாற்றப் படிவத்தை இழுத்து, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். ஏழாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் பங்கு எங்கள் இரண்டு பேர் பேருக்கும் வந்தது. காசோலையை வாங்கிப் படிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அப்பாவிடம் என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. படியில் இறங்கும்போது அவனாகவே சொன்னான்: "அப்பாவுக்கு இந்த ஷீட்டக் காட்ட முடியாதில்ல? எழுதிக் குடுத்திருக்கேனே." சொல்லிக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

பணம் வந்தது. பெட்டிகள் செய்தோம். இப்போது மறைமலை நகரில் பதினாறு தொழிற்சாலைகளில் எங்கள் பெட்டி இருக்கிறது. முதல் வருடம் முடிந்த அன்று என் பங்கில் கால்வாசி எனக்குச் சொந்தமானதாக ஃபண்டிலிருந்து ஒரு வாழ்த்துச் செய்தி வந்தது. யாருக்கும் இனிப்பு வாங்கவில்லை.

கோவிலம்பாக்கம் போவதில்லை. போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு முறை மேடவாக்கத்தில் அவன் அம்மாவைத் தூரத்தில் பார்த்தேன், கையில் காய்கறிப் பை. என்னைப் பார்த்திருந்தால் நின்றிருப்பார்கள், சாப்பிட்டியா என்று கேட்டிருப்பார்கள். அதற்குப் பயந்துதான் சிக்னல் விழுவதற்குள் வண்டியைத் திருப்பினேன்.

வருடம் ஒரு முறை கம்பெனியின் பொதுக்குழுக் கூட்டத்துக்கு எல்லாப் பங்குதாரர்களுக்கும் அறிவிப்பு அனுப்ப வேண்டும். ஐந்து வைத்திருந்தாலும் பங்குதாரர்தான். மற்றவர்களுக்கு அலுவலகத்திலிருந்து போகும். அவனுக்கு மட்டும் நான் அனுப்புகிறேன். நிதிநிலை அறிக்கை, தீர்மானங்கள், கூட்டம் நடக்கும் நேரம், எல்லாவற்றையும் இணைத்து, மறுபடி ஒரு முறை முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன். கடைசியில் ஏதாவது ஒரு வரி சேர்க்கலாமா என்று ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்து அழிப்பேன். அவன் கூட்டத்துக்கு வந்ததில்லை. அன்று மாலைக்குள் பதில் மட்டும் வந்துவிடும்: கிடைத்தது.